சேறு சாப்பிட்ட பையனும் எங்கள் தலைமையாசிரியையும்

எங்களோடு பதினோர் ஆண்டுகள் கற்பித்த ஆசிரியை ஒருவர் அண்மையில் வேறொரு தமிழ்ப்பள்ளிக்குத் தலைமையாசிரியையாகப் பொறுப்பேற்றுள்ளார். பழைய பள்ளியின் ஆசிரியர்கள் பதினான்கு பேர் சார்பில் இந்த வாழ்த்தை எழுதும் பணி எனக்குக் கிடைத்தது. தம் பெயரையோ பள்ளிகளின் பெயரையோ போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். ஆகவே இக்கட்டுரை முழுவதும் அவர் எங்களுக்கு 'டீச்சர்' மட்டுமே. ஆசிரியர் அறையிலும் நாங்கள் அவரை அப்படித்தான் அழைத்தோம்.

வாழ்த்து மடல் என்றால் பொன்னாடை, பூமாலை, 'கடின உழைப்பாளி', 'அன்பானவர்' என்ற சொற்கள் எல்லாம் வரும். அவை எந்தத் தலைமையாசிரியருக்கும் பொருந்தும். டீச்சருக்கு மட்டுமே பொருந்துவது ஒன்று உண்டு. ஒரு மாணவன் தவறாகப் படித்தால் அவன் எதைத் தவறாகப் படித்தான் என்பதை அவர் எழுதி வைத்துக்கொள்வார். அந்தப் பழக்கம் எங்கள் பள்ளியில் என்ன செய்தது என்பதைச் சொல்வதே நாங்கள் அவருக்குச் செய்யும் மரியாதை. இப்பக்கத்தைப் படிக்கும் மாணவர்களில் சிலர் நாளை ஆசிரியர் ஆகலாம். சிலர் இப்போதே தம்பி தங்கையருக்குப் பாடம் சொல்லித் தரலாம். அவர்களுக்கும் இது பயன்படும்.

சோறு சேறானது எப்படி?

மூன்றாம் ஆண்டில் ஒரு பையன் இருந்தான். வாய்ப்பேச்சில் கெட்டிக்காரன். கதை சொல்லச் சொன்னால் கைகால் எல்லாம் கதை சொல்லும். ஆனால் புத்தகத்தைக் கொடுத்தால் வகுப்பே சிரிக்கும். 'தம்பி சோறு சாப்பிட்டான்' என்பதைத் 'தம்பி சேறு சாப்பிட்டான்' என்பான். 'கடைக்குப் போய் வந்தான்' அவன் வாயில் 'கடைக்குப் பேய் வந்தான்' ஆகிவிடும். 'அப்பாவின் தோளில் ஏறினான்' என்ற வரியில் அப்பாவுக்குத் தேள் முளைத்துவிடும்.

சிரிப்புக்குப் பிறகு என்ன நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். இரண்டு முறை சிரித்தால் பையன் மூன்றாம் முறை வாய் திறக்க மாட்டான். பின்வரிசைக்குப் போவான். 'படிக்கத் தெரியாத பையன்' என்ற பெயர் அவனோடு நான்காம் ஆண்டுக்கும் ஐந்தாம் ஆண்டுக்கும் நடந்து போகும்.

டீச்சர் அப்போது தமிழ்மொழிப் பணித்தியத் தலைவி. அந்த வகுப்பு அவருடையதன்று. இருந்தும் ஓய்வு வேளையில் அந்தப் பையனைக் கூட்டிக்கொண்டு நூலகத்தின் மூலையில் உட்கார்ந்தார். நூலகத்தில் நோட்டுப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டிருந்த எனக்கு அவர் செய்தவை எல்லாம் கண்ணெதிரே நடந்தன.

முதலில் காது. படிக்கச் சொல்லவில்லை. தோளின் படமும் தேளின் படமும் மேசையில் இருந்தன. டீச்சர் ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல, பையன் சரியான படத்தைத் தொட்டான். ஒருமுறையும் தவறவில்லை. ஆக, அவன் காதில் குறையில்லை, சொல்லும் தெரியும்.

அடுத்து கண். அதே சொற்களைப் பெரிய எழுத்தில் எழுதி அருகில் காட்டினார். அப்போதும் சோறு சேறாகவே இருந்தது. எழுத்து சிறியதாகவோ தொலைவில் இருப்பதாலோ வந்த தடுமாற்றம் இல்லை என்பது அதனால் ஓரளவு தெரிந்தது.

அதன்பின் எழுத்து அட்டவணை. தகர வரிசையைப் படிக்கச் சொன்னார். பையன் 'த, தா, தி, தீ' என்று தொடங்கி 'தொ, தோ, தௌ' வரை தடங்கல் இல்லாமல் ஓடினான். வேறு ஆசிரியராக இருந்தால் "எழுத்தெல்லாம் தெரிகிறது, கவனம்தான் இல்லை" என்று முடித்திருப்பார். டீச்சர் ஓர் அட்டையின் நடுவில் சன்னல் போல் ஓர் ஓட்டை வெட்டினார். அட்டவணையின் மீது அதை வைத்து ஒரே ஓர் எழுத்து மட்டும் தெரியும்படி நகர்த்தினார். சன்னலில் 'தோ' வந்தது. பையன் 'தே' என்றான். 'பொ' வந்தது. 'பெ' என்றான்.

வரிசையாகச் சொன்னபோது அவன் எழுத்தைப் படிக்கவில்லை, பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தான். பாட்டில் அடுத்த அடி எது என்று நாக்குக்குத் தெரியும்; கண்ணுக்கு வேலையே இல்லை. முதலாம் ஆண்டில் எழுத்து முழுவதும் ஒப்புவிக்கும் பிள்ளை மூன்றாம் ஆண்டில் படிக்கத் திணறுவதற்கு இது ஒரு பெரிய காரணம். அதைக் கண்டுபிடிக்க ஒரு துண்டு அட்டையும் கத்தரிக்கோலும் போதும்.

ஒரே ஒரு தவறு

டீச்சரின் நோட்டுப் புத்தகத்தில் அன்று இரண்டு பத்திகள் இருந்தன. இடப்பக்கம் அச்சில் இருந்த சொல். வலப்பக்கம் பையன் சொன்ன சொல். சோறு – சேறு. போய் – பேய். தோள் – தேள். கோடு – கேடு. கொடு – கெடு. மொட்டு – மெட்டு. பத்துப் பன்னிரண்டு சொற்களை இப்படி எழுதியபின் நோட்டை என் பக்கம் திருப்பினார்.

"சார், இவனுக்குப் படிக்கத் தெரியாதுன்னு சொல்றாங்க. பாருங்க, இவன் செய்றது ஒரே ஒரு தப்புதான்" என்றார்.

அது உண்மை. ஒகரமும் ஓகாரமும் வரும் இடத்தில் மட்டுமே அவன் வழுக்கினான். ஒகரம் எகரமானது, ஓகாரம் ஏகாரமானது. 'பால்', 'மாடு', 'கால்' எல்லாம் சரியாகப் படித்தான். ஆகவே துணைக்கால் அவனுக்குத் தெரியும். 'தேன்', 'பெட்டி', 'மேடை' எல்லாம் சரியாகப் படித்தான். ஆகவே கொம்பும் தெரியும். கொம்பும் காலும் ஒரே எழுத்தில் சேர்ந்து வந்தால்தான் காலை விட்டுவிட்டான்.

ஏன் என்று யோசித்துப் பாருங்கள். ஆகாரம் முதல் ஐகாரம் வரை எட்டு வரிசைகளிலும் ஓர் உயிர்மெய் எழுத்துக்கு ஒரு குறிதான். காலோ, விசிறியோ, கொம்போ, எதுவானாலும் ஒன்றுதான். உயிர் வரிசையில் பத்தாவதாக வரும் ஒகரத்தில்தான் முதன்முறையாக ஓர் எழுத்துக்கு இரண்டு குறிகள், அதுவும் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. இடப்பக்கக் கொம்பையும் நடுவில் உள்ள மெய்யையும் பார்த்ததும் அந்தப் பையனின் மனத்தில் எழுத்து முடிந்துவிடுகிறது. மிச்சம் நிற்கும் காலுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் தாண்டிப் போகிறான். 'ஓர் எழுத்துக்கு ஒரு குறி' என்பது அவன் தானாகவே உண்டாக்கிக்கொண்ட விதி. எட்டு வரிசைக்குச் சரியாக வந்த விதி ஒகரத்தில் காலை வாரிவிட்டது.

டீச்சர் அதோடு நிற்காமல் பழைய வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார். முதலாம் ஆண்டின் பிற்பகுதியில் குடும்பம் வீடு மாறியபோது பையன் மூன்று வாரம் பள்ளிக்கு வரவில்லை. அந்த வகுப்பில் ஒகர, ஓகார வரிசைகள் நடத்தப்பட்டது அந்த வாரங்களில்தான். திரும்பி வந்தபோது வகுப்பு சொற்றொடருக்குப் போய்விட்டது. இரண்டு ஆண்டுகளாக அந்த ஓட்டையை யாரும் அடைக்கவில்லை. ஓட்டை இருப்பதே யாருக்கும் தெரியவில்லை.

நான்கு அட்டைகள்

அடைத்தது எப்படி என்பதையும் சொல்கிறேன். வீட்டில் யாரும் செய்யலாம். டீச்சர் வெள்ளை அட்டைகளில் ச, த, ப, க, ம என்ற ஐந்து எழுத்துகளை மட்டும் எழுதினார். ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் ஒவ்வொரு சிவப்பு அட்டை. துணைக்காலுக்கு ஒரு நீல அட்டை. ஒரு நேரத்தில் மேசைமேல் நான்கு அட்டைகளுக்கு மேல் இருக்காது.

முதலில் 'ச'. வலப்பக்கம் நீலக் காலை வைத்தால் 'சா'. எடுத்தால் மறுபடியும் 'ச'. பிறகு இடப்பக்கம் இரட்டைக்கொம்பை வைத்தால் 'சே'. அந்தச் 'சே' மேசையிலேயே இருக்க, வலப்பக்கம் காலைக் கொண்டுவந்து வைத்தால் 'சோ'. காலை எடுத்தால் 'சே'. வைத்தால் 'சோ'. இதைப் பையனே தன் கையால் செய்ய வேண்டும். கை வைக்கும்போதே வாயும் சொல்ல வேண்டும். நெடிலில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு: ஏகாரத்துக்கும் ஓகாரத்துக்கும் உள்ள ஒலி வேறுபாடு நீண்டு ஒலிப்பதால் காதுக்கு எளிதில் பிடிபடும். நெடில் பிடிபட்ட பிறகே எகரம், ஒகரம்.

அடுத்த கட்டம் சொல் இணைகள். சேறு – சோறு, தேள் – தோள், பேய் – போய். எந்தச் சொற்களுக்கு வகுப்பு சிரித்ததோ அதே சொற்கள். ஆனால் இப்போது காலை வைத்துச் சேற்றைச் சோறாக்குபவன் அவன்தான். பேயைக் காலால் விரட்டிப் 'போய்' ஆக்கியபோது அவன் சிரித்த சிரிப்பு நூலகம் முழுவதும் கேட்டது. கடைசியாக ஒரு பழக்கம்: கொம்பைக் கண்டால் வாயைத் திறக்காதே, கண்ணை வலப்பக்கம் ஓட்டு, கால் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேசு.

ஒரு நாளைக்கு 15 நிமிடம், வாரத்தில் நான்கு நாள். ஐந்து வாரத்தில் அவன் அந்தச் சொற்களைத் தனியாகவும் வாக்கியத்திலும் படித்தான். இதைப் பெரிய அதிசயமாகச் சொல்ல மாட்டேன். சொல்வதெழுதலில் அவன் காலை விடுவது அதன்பிறகும் பல மாதம் தொடர்ந்தது. படிக்கும்போது எழுத்து கண்முன் இருக்கிறது. எழுதும்போது அதை நினைவிலிருந்து உருவாக்க வேண்டும். இரண்டும் வேறு வேலை. வாசித்ததைப் புரிந்துகொள்வதிலும் அவன் வகுப்பை எட்டிப்பிடிக்க அடுத்த ஆண்டு ஆயிற்று.

எல்லாப் பிள்ளைகளுக்கும் அட்டை மருந்தும் ஆகாது. அதைத் தெரிந்துகொள்ளவும் அந்த நோட்டுப் புத்தகமே உதவியது. இந்தப் பையனின் தவறுகளில் ஓர் ஒழுங்கு இருந்தது. இன்னொரு மாணவி ஒரே சொல்லை ஒவ்வொரு முறையும் வெவ்வேறு விதமாகப் படித்தாள். மலாயிலும் ஆங்கிலத்திலும் அதே தடுமாற்றம். அவளுக்கு டீச்சர் அட்டை போடவில்லை. பெற்றோரை அழைத்துப் பேசி, மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். புத்தகத்தை முகத்தருகே தூக்கிப் பிடித்த ஒருவனுக்குத் தேவைப்பட்டது மூக்குக்கண்ணாடி. 'படிக்கவில்லை' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று பிள்ளைகள், மூன்று காரணங்கள்.

கணக்குக்கும் ஒரு நோட்டு

நான் கற்பிப்பது கணிதம். டீச்சரின் நோட்டைப் பார்த்த பிறகு நானும் ஒன்று வைத்துக்கொண்டேன். 42இலிருந்து 17ஐக் கழித்தால் 25. என் வகுப்பில் சிலர் 35 என்று எழுதினார்கள். முன்பு சிவப்பு மையில் பெருக்கல் குறி போடுவதோடு சரி. நோட்டு வைத்த பிறகு அவர்களின் மற்ற விடைகளையும் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். 53இலிருந்து 28 போனால் 35. 61இலிருந்து 34 போனால் 33. மூன்றிலும் ஒரே கைவரிசை: ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருந்தார்கள். 2இலிருந்து 7 போகாது, ஆகவே 7இலிருந்து 2ஐ எடுத்துவிட்டார்கள்.

இவர்களுக்கு இன்னும் 20 கணக்கு கொடுப்பதில் பயனில்லை. அதே தவறை 20 முறை செய்து உறுதியாக்கிக்கொள்வார்கள். நாலு பத்துக் கட்டுகளையும் இரண்டு ஒற்றைக் குச்சிகளையும் கையில் கொடுத்து, ஒரு கட்டை அவிழ்த்தால்தான் ஏழு குச்சி கொடுக்க முடியும் என்பதை அவர்களே கண்டால் தவறு நிற்கிறது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரும் கல்லூரி மாணவர்களே, அடுத்த முறை தவறு என்று குறியிடுவதற்கு முன் அந்தப் பிள்ளை எழுதிய விடையைத் தனித்தாளில் எழுதி வையுங்கள். ஐந்து விடைகள் சேர்ந்தால் காரணம் தானாகத் தெரியும்.

எங்கள் பள்ளியில் அந்த ஆண்டு முடிவதற்குள் ஏழெட்டு ஆசிரியர்களிடம் இத்தகைய நோட்டுகள் இருந்தன. யாரும் கட்டளையிடவில்லை. தேநீர் வேளையில் "இன்னிக்கு என் வகுப்பில என்ன சொன்னான் தெரியுமா?" என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டோம்.

யாருடைய பாடவேளை முதலில் போகும்?

பிறகு டீச்சர் நிர்வாகத் துணைத் தலைமையாசிரியையானார். நம் நாட்டுத் தொடக்கப்பள்ளிகளில் வழக்கமாக நிர்வாகம், மாணவர் நலம், புறப்பாடம் என்று மூன்று துணைத் தலைமையாசிரியர்கள் உண்டு. பாட அட்டவணையும், ஆசிரியர் வராத நாளில் அவருக்குப் பதில் யார் போவது என்ற பட்டியலும் நிர்வாகத் துணையின் கையில்தான் இருக்கும். மாணவர்கள் கண்ணில் படாத இந்தப் பட்டியல் ஒரு பள்ளியின் மனத்தைக் காட்டிவிடும்.

ஒரு செவ்வாய்க்கிழமையை எடுத்துக்கொள்வோம். இருவர் பயிற்சிக்குப் போயிருக்கிறார்கள். ஒருவர் மருத்துவ விடுப்பு. மூன்றாம் பாடவேளையில் மூன்று வகுப்புகளில் ஆசிரியர் இல்லை. அந்த நேரம் ஓய்வாக இருப்பவர்கள் இருவர்தாம். குறைநீக்கல் ஆசிரியரிடம் ஐந்தே பிள்ளைகள். அந்த ஐவரையும் அவரவர் வகுப்புக்கு அனுப்பிவிட்டால் ஓர் ஆசிரியர் கிடைத்துவிடுவார். ஐந்து பேருக்காக முப்பது பேர் சும்மா இருப்பதா என்ற வாதம் நியாயமாகத்தான் தோன்றும். அதனால் பல இடங்களில் முதலில் பலியாவது குறைநீக்கல் வகுப்பே. அந்த ஐந்து பிள்ளைகளும் புகார் சொல்ல மாட்டார்கள். அவர்களின் பெற்றோருக்கு அது தெரியவே வராது.

டீச்சர் பொறுப்பேற்றதும் முந்தைய மாதத்துப் பட்டியல்களை எடுத்து எண்ணினார். நடந்திருக்க வேண்டிய 20 குறைநீக்கல் வேளைகளில் 8 நடக்கவே இல்லை. மறு வாரம் முதல் ஒரே ஒரு விதி: குறைநீக்கல் வேளையைத் தொடக்கூடாது. அந்தச் செவ்வாய்க்கிழமை ஓய்வில் இருந்த இருவரும் ஒவ்வொரு வகுப்புக்குப் போனார்கள். மூன்றாவதற்கு டீச்சரே சாக்கட்டியோடு போனார். முடிக்க வேண்டிய கடிதங்கள் மாலை வரை மேசையில் காத்திருந்தன.

எங்களில் சிலருக்கு இது பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓய்வு வேளை எங்களுக்கும் குறைந்தது. ஆசிரியர் கூட்டத்தில் ஒருவர் அதை வெளிப்படையாகவே கேட்டார். டீச்சர் பேருரை ஆற்றவில்லை. மூன்றாம் ஆண்டுப் பையனின் நோட்டைக் கொண்டுவந்து கூட்டத்தில் சுற்றுக்கு விட்டார். முதல் பக்கத்தில் சோறு – சேறு. கடைசிப் பக்கத்தின் இரண்டு பத்திகளிலும் ஒரே சொற்கள். "இதுக்கு ஐந்து வாரம் ஆச்சு. அஞ்சு வாரத்துல ரெண்டு வாரத்தை நாம எடுத்துக்கிட்டா என்ன ஆகும்?" என்று மட்டும் கேட்டார். விதி நின்றது.

முதலாம் ஆண்டு யாருக்கு?

ஆண்டு முடிவில் வரும் இன்னொரு முடிவு, எந்த ஆசிரியருக்கு எந்த வகுப்பு என்பது. யுபிஎஸ்ஆர் தேர்வு இருந்த காலத்தில் நல்ல ஆசிரியர் என்று பெயர் எடுத்தவர் ஆறாம் ஆண்டுக்குப் போவார். பள்ளியின் பெயர் அந்தத் தேர்வில் இருந்தது. புதிதாக வந்தவருக்கோ மற்ற வேலை அதிகம் உள்ளவருக்கோ முதலாம் ஆண்டு. 2021இல் யுபிஎஸ்ஆர் நிறுத்தப்பட்டது. இப்போது வகுப்பறையிலேயே மதிப்பிட்டு 1 முதல் 6 வரை அடைவுநிலை வழங்கப்படுகிறது. தேர்வு போன பிறகும் பழைய வழக்கம் பல பள்ளிகளில் போகவில்லை.

டீச்சர் துணைத் தலைமையாசிரியையாக இருந்தபோது இதை மாற்ற முயன்றார். ஆறாம் ஆண்டில் ஓர் ஆசிரியர் செய்யும் திருத்த வேலையில் பாதி, முதலாம் ஆண்டில் விட்டுப்போன ஓட்டைகளை அடைப்பதுதான் என்பது அவர் வாதம். முதலாம் ஆண்டில் ஒரு வாரத்தில் அடைபடும் ஓட்டை மூன்றாம் ஆண்டில் ஐந்து வாரம் கேட்கிறது. ஆறாம் ஆண்டில் அதற்கு வெட்கமும் பிடிவாதமும் சேர்ந்துவிடுகின்றன. ஆகவே எழுத்தறிவிப்பதில் மிகுந்த கைத்திறன் உள்ளவரை முதலாம் ஆண்டுக்குப் போடச் சொன்னார். பாதிதான் நடந்தது. இறுதி முடிவு துணையின் கையில் இல்லை. இனி அது அவர் கையில்.

நாற்காலிக்கு வந்த வழி

தலைமையாசிரியர் ஆவது எப்படி என்று மாணவர்கள் கேட்பதுண்டு. எஸ்பிஎம் முடித்து ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் சேர்பவர்கள் ஆயத்தப் பயிற்சிக்குப் பின் நான்காண்டு இளங்கலைப் பட்டம் படித்துத் தொடக்கப்பள்ளி ஆசிரியர் ஆகிறார்கள். டீச்சர் வந்த வழி இது: வகுப்பாசிரியை, பணித்தியத் தலைவி, துணைத் தலைமையாசிரியை. அதன்பின் அமினுடின் பாக்கி கழகம் நடத்தும் என்பிகியூஇஎல் என்ற கல்வித் தலைமைத்துவச் சான்றிதழ்ப் பயிற்சி. நிதி, பணியாளர், திட்டமிடல் எல்லாம் அங்கே கற்கலாம். சன்னல் வெட்டிய அட்டை மட்டும் அந்த நூலக மூலையிலிருந்து வந்தது.

அவர் போயிருக்கும் பள்ளி சிறியது; 150 மாணவர்களுக்குக் குறைவான பள்ளிகளில் ஒன்று. ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு வகுப்புதான். ஓர் ஆசிரியர் வராவிட்டால் பதில் ஆசிரியரைத் தேடுவதே பெரும்பாடு. மாவட்டக் கல்வி இலாகாவின் கூட்டங்கள், கணக்குகள், கணினியில் பதிவேற்ற வேண்டிய தரவுகள், பெற்றோர் ஆசிரியர் சங்கம், பள்ளி வாரியம், ஒழுகும் கூரை எல்லாம் ஒருவர் மேசைக்கே வரும். அடுத்த ஆண்டு முதலாம் ஆண்டில் எத்தனை பிள்ளைகள் சேர்வார்கள் என்ற கவலை ஆண்டு முழுவதும் இருக்கும். தலைமையாசிரியரும் வாரத்தில் சில வேளை கற்பிக்க வேண்டும் என்பது நடைமுறை. ஆனால் கூட்டமும் கடிதமும் நெருக்கும்போது முதலில் கைவிடப்படுவது அந்தச் சில வேளைகள்தாம். அவற்றை எடுத்துக்கொண்டால் யாரும் கேட்க மாட்டார்கள், குறைநீக்கல் பிள்ளைகளைப் போலவே.

டீச்சர், இனி உங்களிடம் நேராகவே பேசுகிறோம். வாழ்த்தோடு ஒரே ஒரு வேண்டுகோள். பதில் ஆசிரியர் பட்டியலில் குறைநீக்கல் வேளைக்கு நீங்கள் போட்ட அதே வேலியை உங்கள் சொந்தப் பாடவேளைக்கும் போடுங்கள். அந்த வேளை முதலாம் ஆண்டில் இருக்கட்டும். தலைமையாசிரியை ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து அது சொல்வதை எழுதிக்கொள்வதைப் பார்த்தால், மற்ற ஆசிரியர்களுக்குச் சுற்றறிக்கை தேவைப்படாது. எங்களுக்கும் தேவைப்படவில்லை.

இங்கே பட்டியலைப் போடுபவர் இப்போது வேறொருவர். விதி அப்படியே இருக்கிறது. இந்த ஆண்டு முதலாம் ஆண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டவர் எங்களில் மூத்த தமிழாசிரியை. ஒகர வரிசை நடக்கும் வாரங்களில் யார் யார் பள்ளிக்கு வரவில்லை என்று அவர் தனியாகக் குறித்துக்கொள்கிறார். உங்கள் சிவப்பு, நீல அட்டைகள் தேய்ந்துவிட்டதால் புதிதாக இரண்டு கட்டு செய்தோம். ஒன்று நூலகத்தில் இருக்கிறது. இன்னொன்றை உங்கள் புதிய பள்ளிக்கு அனுப்பியிருக்கிறோம். பொன்னாடைக்குப் பதிலாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

வாழ்த்துகள், தலைமையாசிரியை அவர்களே.